முன்னுரிமைப் பங்கு: யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால்?

ஒரு கம்பெனி உங்களிடம் 10 ரூபாய் வாங்கிக்கொண்டு, ‘ஆண்டுக்கு 8 சதவீதம் தருகிறோம், மூன்றாம் ஆண்டு முடிவில் அசலையும் திருப்பித் தந்துவிடுகிறோம்’ என்று எழுதிக் கொடுக்கிறது. மூன்று ஆண்டு ஆகிறது, பணம் வரவில்லை. இது கடன்பாக்கிதானே? கடன் கொடுத்தவர் என்ற முறையில் அந்தக் கம்பெனியைத் திவால் சட்டத்தின் கீழ் இழுக்கலாம்தானே?

எழுதிக் கொடுத்த தாள் கடன்பத்திரமாக இருந்தால் இழுக்கலாம். முன்னுரிமைப் பங்காக இருந்தால் முடியாது. 2025 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. வழக்கில் சிக்கியிருந்தது 250 கோடி ரூபாய் முகமதிப்புள்ள பங்குகள். வட்டி மாதிரி ஒரு சதவீதம், முதிர்வு மாதிரி ஒரு தேதி, பெயரிலேயே ‘முன்னுரிமை’ என்று எல்லாம் இருந்தும் அது ஏன் கடன் ஆகவில்லை என்பது புரிந்தால், இரண்டு வகைப் பங்குகளுக்கும் உள்ள வேறுபாடும் புரிந்துவிடும்.

## இரண்டும் பங்குதான்

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 43ஆம் பிரிவு, பங்கு மூலதனத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று ஈக்விட்டி எனப்படும் சாதாரணப் பங்கு. பங்குச் சந்தையில் நாம் அன்றாடம் வாங்கி விற்பது இதைத்தான். இன்னொன்று முன்னுரிமைப் பங்கு.

முன்னுரிமைப் பங்கு என்று சொல்ல இரண்டு உரிமைகள் இருக்க வேண்டும். லாபத்தைப் பிரித்துக் கொடுக்கும்போது, ஒரு குறிப்பிட்ட தொகையையோ சதவீதத்தையோ ஈக்விட்டிக்காரர்களுக்கு முன்னால் பெறும் உரிமை முதலாவது. கம்பெனியை மூடும்போது, போட்ட முதலை ஈக்விட்டிக்காரர்களுக்கு முன்னால் திரும்பப் பெறும் உரிமை இரண்டாவது.

இரண்டிலும் ‘ஈக்விட்டிக்காரர்களுக்கு முன்னால்’ என்றுதான் வருகிறது. வங்கிக்கு முன்னால் என்றோ, சரக்குக் கொடுத்தவருக்கு முன்னால் என்றோ சட்டம் எங்கும் சொல்லவில்லை. பந்தியில் கடைசி இரண்டு இலைகளில் எது முதலில் என்பது மட்டும்தான் இந்த ‘முன்னுரிமை’. பங்கு விற்க வருபவர்கள் அதை முதல் இலை போலப் பேசுவது வேறு கதை.

இந்த உரிமைக்கு விலையும் உண்டு. கம்பெனி எவ்வளவு சம்பாதித்தாலும் 8 சதவீதப் பங்குக்கு 8 சதவீதம்தான். மீதி லாபம் முழுக்க ஈக்விட்டிக்காரர்களுடையது. மிச்ச லாபத்திலும் பங்கு கேட்கும் வகை ஒன்று உண்டு, ஆனால் வெளியீட்டு நிபந்தனையில் அது எழுதியிருக்க வேண்டும்.

## லாபம் பிரிக்கும் நேரம்

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 10 ரூபாய் முகமதிப்பில் 1 கோடி ஈக்விட்டிப் பங்குகள், அதாவது 10 கோடி ரூபாய். அதே முகமதிப்பில் 50 லட்சம் முன்னுரிமைப் பங்குகள், அதாவது 5 கோடி ரூபாய், 8 சதவீத டிவிடெண்ட். ஆகவே ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் முன்னுரிமைக்காரர்களுக்குப் போக வேண்டும்.

1. முதல் ஆண்டு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. டிவிடெண்டை லாபத்திலிருந்துதான் தர முடியும் என்பது சட்டம். பழைய லாபமும் கையிருப்பில் இல்லையென்றால் முன்னுரிமைக்காரர்களுக்கும் ஒன்றும் இல்லை. 40 லட்சம் பாக்கி.

2. இரண்டாம் ஆண்டு, பிரித்துக் கொடுக்கத்தக்க லாபம் 30 லட்சம். முழுவதும் முன்னுரிமைக்காரர்களுக்கே போகிறது. அப்போதும் 10 லட்சம் குறைகிறது. மொத்தப் பாக்கி 50 லட்சம். ஈக்விட்டிக்கு ஒரு காசு இல்லை.

3. மூன்றாம் ஆண்டு லாபம் 2 கோடி. இந்த ஆண்டின் 40 லட்சமும் பழைய பாக்கி 50 லட்சமும் சேர்த்து 90 லட்சம் முதலில் போகிறது. மிச்சம் 1 கோடியே 10 லட்சம். கம்பெனி அதை முழுதாகப் பிரித்தால் ஒரு ஈக்விட்டிப் பங்குக்கு 1 ரூபாய் 10 காசு.

பாக்கி இப்படிச் சேர்ந்துகொண்டே வருவதால் இதற்குக் குவியும் வகை என்று பெயர். குவியாத வகையாக இருந்திருந்தால் முதல் இரண்டு ஆண்டுகளின் 50 லட்சம் போனது போனதுதான். மூன்றாம் ஆண்டு 40 லட்சம் கொடுத்துவிட்டு, மீதி 1 கோடியே 60 லட்சத்தை ஈக்விட்டிக்காரர்களே எடுத்துக்கொள்ளலாம். ‘குவியும்’ என்ற ஒரே சொல்லுக்கு இங்கே விலை 50 லட்சம். முன்னுரிமைப் பங்கின் நிபந்தனைத் தாளில் முதலில் தேட வேண்டிய சொல் அது.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. லாபம் வந்துவிட்டாலே டிவிடெண்ட் தந்தாக வேண்டும் என்பதில்லை. அதைக் கம்பெனி அறிவிக்க வேண்டும், அறிவித்த பிறகே அது கொடுக்க வேண்டிய கடனாகிறது. இயக்குநர்கள் லாபத்தைத் தொழிலிலேயே போட நினைத்தால் முன்னுரிமைக்காரர்களும் காத்திருக்க வேண்டியதுதான். அவர்களைத் தாண்டி ஈக்விட்டிக்குக் கொடுக்க முடியாது என்பது மட்டுமே அவர்களுக்குள்ள பிடி. வட்டி அப்படி அல்ல. நட்டம் வந்தாலும் வட்டி கட்டியாக வேண்டும், கட்டாவிட்டால் அன்றே தவணை தவறியதாகிவிடும்.

காத்திருப்பு நீண்டால் சட்டம் வேறொரு ஆயுதத்தைக் கையில் கொடுக்கிறது. சாதாரணமாக முன்னுரிமைப் பங்குதாரர் எல்லாத் தீர்மானங்களுக்கும் ஓட்டுப் போட முடியாது. தன் உரிமையை நேரடியாகத் தொடும் தீர்மானம், கம்பெனியைக் கலைப்பது, மூலதனத்தைத் திருப்பித் தருவது அல்லது குறைப்பது ஆகியவற்றுக்கு மட்டும்தான். ஆனால் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ டிவிடெண்ட் வராமல் போனால், 47ஆம் பிரிவின்படி, எல்லாத் தீர்மானங்களிலும் ஓட்டுப் போடலாம். இயக்குநரை நியமிக்கும் தீர்மானத்திலும்கூட. நிறுவனரின் குடும்பம் குறைந்த பங்குகளை வைத்துக்கொண்டு நடத்தும் கம்பெனியில் இது சின்ன விஷயம் அல்ல.

## முதிர்வுத் தேதி வந்தும் பணம் வராதது எப்படி?

இந்தியாவில் காலவரையறை இல்லாத முன்னுரிமைப் பங்குகளை இப்போது வெளியிட முடியாது. 20 ஆண்டுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு மட்டும் 30 ஆண்டு வரை இடம் உண்டு. ஈக்விட்டிக்கு முதிர்வுத் தேதியே கிடையாது. வெளியேற வேண்டுமென்றால் இன்னொருவருக்கு விற்க வேண்டும்.

முன்னுரிமைப் பங்குக்குத் தேதி உண்டு என்பதால் அது வங்கி வைப்புத்தொகை மாதிரி தெரிகிறது. ஆனால் பணம் எங்கிருந்து வரலாம் என்பதை 55ஆம் பிரிவு கட்டிப்போடுகிறது. டிவிடெண்டாகக் கொடுக்கத்தக்க லாபத்திலிருந்து தரலாம், அல்லது இதற்காகவே புதுப் பங்குகள் வெளியிட்டு அந்தப் பணத்தில் தரலாம். கல்லாவில் பணம் இருக்கிறது, நிலத்தை விற்ற காசு இருக்கிறது என்பதெல்லாம் போதாது.

லாபத்திலிருந்து 5 கோடியைத் திருப்பித் தந்தால், அதே 5 கோடியை மூலதன மீட்புக் காப்பு என்ற கணக்குக்கு மாற்ற வேண்டும். அந்தத் தொகையை இனி டிவிடெண்டாகப் பிரிக்க முடியாது, போனஸ் பங்கு வெளியிட மட்டும் பயன்படுத்தலாம். கடன் கொடுத்தவர்கள் நம்பியிருந்த மூலதனத் தாங்கல் 5 கோடி குறைந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. சட்டம் இங்கே காப்பாற்றுவது பங்குதாரரை அல்ல, கம்பெனிக்குக் கடன் கொடுத்தவரை.

இப்போது அந்த வழக்குக்கு வரலாம். மேற்கு வங்கத்தின் பனாகரில் மேட்டிக்ஸ் ஃபெர்டிலைசர்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனத்துக்கு உரத் தொழிற்சாலை கட்டும் வேலையைச் செய்தது இ.பி.சி. கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் இந்தியா. வேலைக்கான பணம் பெரிய அளவில் நிலுவையில் நின்றது. 2015இல் அந்த நிலுவையில் 250 கோடி ரூபாயை, 8 சதவீதக் குவியும் வகை முன்னுரிமைப் பங்குகளாக இ.பி.சி. ஏற்றுக்கொண்டது. 10 ரூபாய் முகமதிப்பில் 25 கோடி பங்குகள், மூன்று ஆண்டில் திருப்பித் தருவதாக நிபந்தனை. பின்னர் இ.பி.சி.யே திவால் நடவடிக்கைக்குள் போனது. அதன் சார்பில், ‘முதிர்வுத் தேதி கடந்துவிட்டது, நாங்கள் நிதிக் கடன் கொடுத்தவர்கள்’ என்று சொல்லி மேட்டிக்ஸ் மீது திவால் சட்டத்தின் 7ஆம் பிரிவில் மனுப் போடப்பட்டது.

கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் மனுவைத் தள்ளியது, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் தள்ளியது. உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. நிலுவைத் தொகை பங்குகளாக மாறிய அன்றே பழைய கடன் முடிந்துவிட்டது. பங்குக்குக் கொடுத்த பணம் மூலதனம், கடன் அல்ல. லாபமோ புதுப் பங்குப் பணமோ இல்லாதபோது திருப்பித் தர வேண்டிய கடமையே எழவில்லை, ஆகவே தவணை தவறியது என்ற பேச்சுக்கும் இடமில்லை. தேதி மட்டும் கடந்திருந்தது.

கணக்குப் புத்தகத்தில் அந்தத் தொகை கடன் மாதிரி காட்டப்பட்டிருக்கிறதே என்ற வாதமும் எடுபடவில்லை. இந்தப் பொறியில் பலரும் விழுகிறார்கள். இந்தியக் கணக்கியல் தரநிலைகளின்படி, திருப்பித் தர வேண்டிய முன்னுரிமைப் பங்குகளைப் பெரும்பாலும் பொறுப்புகள் பக்கத்தில் காட்ட வேண்டியிருக்கும். ஆண்டறிக்கையில் ‘கடன்கள்’ என்ற தலைப்பின் கீழ் அதைப் பார்த்துவிட்டு, கடன் கொடுத்தவர்களின் வரிசையில் தனக்கும் இடம் இருப்பதாக நினைத்தால் ஏமாற்றம்தான். கணக்காளர் எந்தத் தலைப்பில் எழுதினார் என்பது வரிசையைத் தீர்மானிக்காது.

அப்படியானால் பணம் வராத முன்னுரிமைப் பங்குதாரருக்கு ஒரு வழியும் இல்லையா? மேலே சொன்ன ஓட்டுரிமை இருக்கிறது. கம்பெனியால் திருப்பித் தர முடியவில்லையென்றால், மதிப்பில் நான்கில் மூன்று பங்கு முன்னுரிமைக்காரர்களின் ஒப்புதலோடும் தீர்ப்பாயத்தின் அனுமதியோடும், டிவிடெண்ட் பாக்கியையும் சேர்த்து, பழைய பங்குக்குப் பதில் புது முன்னுரிமைப் பங்கு தரலாம். ஒப்புக்கொள்ளாதவர்களின் பங்குகளை உடனே மீட்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டும். ஆனால் இந்த வழியில் போகலாமா என்று முடிவு செய்வது கம்பெனி.

## கம்பெனி மூடப்படும்போது

திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு, சொத்துகளை விற்ற பணம் எந்த வரிசையில் போக வேண்டும் என்று சொல்கிறது. ஒரு படி முழுதாக நிறைந்த பிறகே அடுத்த படிக்குத் தண்ணீர் வழியும்.

1. திவால் நடவடிக்கைக்கும் கலைப்புக்கும் ஆன செலவு.
2. தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும், அடமானத்தை விட்டுக்கொடுத்த வங்கி போன்றவர்களின் கடனும், சம நிலையில்.
3. தொழிலாளர் அல்லாத மற்ற ஊழியர்களின் 12 மாத நிலுவை.
4. அடமானம் இல்லாமல் நிதி கொடுத்தவர்கள்.
5. அரசுக்குச் சேர வேண்டிய இரண்டு ஆண்டு நிலுவையும், அடமானத்தைத் தானே விற்றும் முழுப் பணம் கிடைக்காத கடன்காரரின் மிச்சமும், சம நிலையில்.
6. சரக்குக் கொடுத்தவர் முதலான மற்ற எல்லாக் கடன்களும்.
7. முன்னுரிமைப் பங்குதாரர்.
8. ஈக்விட்டிப் பங்குதாரர்.

நம் கற்பனைக் கம்பெனி மூடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கலைப்புச் செலவு 1 கோடி, தொழிலாளர் நிலுவை 2 கோடி, அடமானத்தை விட்டுக்கொடுத்த வங்கிக்கு 12 கோடி, ஊழியர்களுக்கு 50 லட்சம், அடமானமில்லாக் கடன் ஒன்றரைக் கோடி, அரசுக்கு 1 கோடி, சரக்குக் கொடுத்தவர்களுக்கு 2 கோடி. பங்குதாரர்களுக்கு முன்னால் மொத்தம் 20 கோடி நிற்கிறது. சொத்து என்ன விலைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து கதை மாறும்.

14 கோடிக்குப் போனால்: செலவு 1 கோடி போக 13 கோடி. அதைத் தொழிலாளர்களும் வங்கியும், அவர்களுக்குச் சேர வேண்டிய 14 கோடிக்கு விகிதப்படி பிரித்துக்கொள்கிறார்கள். ரூபாய்க்கு 93 காசு அளவில் வரும். பணம் இரண்டாம் படியிலேயே தீர்ந்துவிட்டது. ஏழாம் படியில் நிற்பவரும் எட்டாம் படியில் நிற்பவரும் இந்த நிலையில் ஒன்றுதான், இருவருக்கும் பூஜ்யம்.

23 கோடிக்குப் போனால்: 20 கோடி கடன்களுக்குப் போய் 3 கோடி மிஞ்சும். முன்னுரிமை முதல் 5 கோடி. ஆக 10 ரூபாய்ப் பங்குக்கு 6 ரூபாய். ஈக்விட்டிக்கு ஒன்றுமில்லை. முன்னுரிமை என்ற சொல்லுக்கு உண்மையான அர்த்தம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கடன் தீர்ந்த பிறகு மிஞ்சும் முதல் 5 கோடிக்குள்தான் அதன் பலன் முழுதாகத் தெரியும்.

40 கோடிக்குப் போனால்: 20 கோடி மிஞ்சும். முன்னுரிமைக்காரர்கள் தங்கள் 5 கோடியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மீதி 15 கோடியும் ஈக்விட்டிக்கு, 10 ரூபாய்ப் பங்குக்கு 15 ரூபாய். பணம் மிஞ்சும் இடத்தில் கடைசியில் நின்றவருக்கே கனத்த பங்கு.

இதில் டிவிடெண்ட் பாக்கி எங்கே? குவியும் வகையாக இருந்தாலும், அறிவிக்கப்படாத பழைய டிவிடெண்டைக் கலைப்பின்போது அசலோடு சேர்த்துக் கேட்க, கம்பெனியின் சங்க விதிகளிலோ வெளியீட்டு நிபந்தனையிலோ அதற்கு இடம் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முகமதிப்பைத் தாண்டி எதிர்பார்க்க முடியாது. நல்ல காலத்தில் யாரும் படிக்காத வரி இது.

கடன் எல்லாவற்றையும் தீர்க்கும் நிலையில் உள்ள கம்பெனி தானாகவே மூடிக்கொள்ளும்போதும் இதே வரிசைதான். மூன்றாவது கணக்கு நடைமுறையில் வருவது பெரும்பாலும் அங்கேதான்.

## கலைப்பு வரை போகாமலே முடிந்துவிட்டால்

பெரிய கம்பெனிகள் விஷயத்தில், திவால் நடவடிக்கை தொடங்கியதும் முதலில் நடப்பது கலைப்பு அல்ல, வாங்க ஆள் தேடுவது. வாங்குபவர் தரும் மீட்புத் திட்டத்துக்கு ஓட்டுப் போடுவது கடன் கொடுத்தவர்களின் குழு. பங்குதாரர்களுக்கு, அவர்கள் எந்த வகையானாலும், அந்தக் குழுவில் இடமில்லை. கடன்காரர்களே பாதியையும் முக்காலையும் தள்ளுபடி செய்யும் இடத்தில் ஏழாம் படிக்கு என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை.

2021இல் டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தைப் பிரமல் குழுமம் எடுத்தபோது நடந்தது இதற்கு உதாரணம். திட்டத்தின்படி பழைய ஈக்விட்டிப் பங்குகளின் மதிப்பு பூஜ்யமானது, பங்குகள் சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. திட்டம் வருவதற்குச் சில நாள் முன்புவரை அந்தப் பங்கை வாங்கியவர்கள் இருந்தார்கள். கம்பெனி பிழைத்துக்கொள்ளும் என்பதையும் பங்கு பிழைத்துக்கொள்ளும் என்பதையும் ஒன்றாக நினைத்ததுதான் காரணம்.

## டீமேட் கணக்கில் திடீரென்று வந்த பங்கு

2025இல் டி.வி.எஸ். மோட்டார் தன் ஈக்விட்டிப் பங்குதாரர்களுக்குப் போனஸாக முன்னுரிமைப் பங்குகள் கொடுத்தது. 1 ரூபாய் முகமதிப்புள்ள ஒவ்வொரு ஈக்விட்டிப் பங்குக்கும், 10 ரூபாய் முகமதிப்பில் நான்கு முன்னுரிமைப் பங்குகள். 6 சதவீத டிவிடெண்ட், ஓராண்டில் திருப்பித் தருவது, மொத்தம் 1,900 கோடி ரூபாய். டீமேட் கணக்கில் NCRPS என்ற எழுத்துகளைப் பார்த்து, இதை வைத்திருந்தால் டி.வி.எஸ். பங்கு விலையோடு சேர்ந்து இதுவும் ஏறுமா என்று கேட்டவர்கள் பலர்.

ஏறாது. NCRPS என்றால் ஈக்விட்டியாக மாற்ற முடியாத, திருப்பித் தரப்படும் முன்னுரிமைப் பங்கு. ஈக்விட்டியாக மாறாது என்பதால் கம்பெனி எவ்வளவு வண்டி விற்றாலும் இந்தப் பங்குக்குக் கிடைப்பது 10 ரூபாயும் 6 சதவீதமும்தான். சந்தையில் அதன் விலை 10 ரூபாயை ஒட்டியே சுற்றும். அதே நேரம் மேட்டிக்ஸ் கதை இங்கே நடக்கும் என்று பயப்படவும் காரணம் குறைவு. இந்தப் பங்குகளே கம்பெனி சேர்த்து வைத்திருந்த காப்பு நிதியிலிருந்துதான் உருவாயின. தொடர்ந்து லாபம் காட்டும் கம்பெனிக்கு 55ஆம் பிரிவு கேட்கும் ‘பிரிக்கத்தக்க லாபம்’ பெரிய தடை அல்ல.

மேட்டிக்ஸ் பங்குக்கும் டி.வி.எஸ். முன்னுரிமைப் பங்குக்கும் சட்டம் ஒன்றேதான், இரண்டிலும் தேதி உண்டு, சதவீதம் உண்டு. அதனால் ஒரு முன்னுரிமைப் பங்கைக் கையில் எடுக்கும்போது சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன் ஆண்டறிக்கையில் இரண்டு எண்களைத் தேடுவது பயன் தரும். பிரிக்கத்தக்க லாபமாகக் கம்பெனியிடம் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று, அது முதிர்வுத் தேதியில் பணம் வருமா என்று காட்டும். முன்னால் நிற்கும் கடன் எவ்வளவு என்பது இன்னொன்று, அது கம்பெனி மூடினால் நாம் 14 கோடிக் கணக்கில் நிற்கிறோமா, 23 கோடிக் கணக்கில் நிற்கிறோமா என்று காட்டும். கடனில் மூழ்கியிருக்கும் கம்பெனி 8 சதவீதத்துக்குப் பதில் 12 சதவீதம் தருவதாகச் சொன்னால், அந்தக் கூடுதல் 4 சதவீதம் ஏழாம் படியில் நிற்பதற்கான கூலி.